பதினேழாம் எண்ணின் கடைசி மூன்று தாண்டல்கள்

பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். ஆறு கம்ப்யூட்டர்கள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கரண்ட் போனால் கத்துகிற ஒரு யூ.பி.எஸ். காலையில் பாடம் நடத்த வேண்டும், மத்தியானத்துக்கு மேல் வருகிற வேலைகளைச் செய்து கொடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கல்லூரிக்காரர்களின் புராஜெக்ட், கடிதம், லிஸ்ட். எனக்குப் பிடித்தது லிஸ்ட்தான். எண்களாக எது வந்தாலும் முதலில் நான் போய் நிற்பேன். எக்ஸெல்லில் எனக்குத் தெரியாத ஃபார்முலா ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

என்னோடு ஒரு அக்கா இருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முடித்து, ஒரு இன்ஸ்டிடியூட்டில் பல வருஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார்கள். ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். நான் ஒரு பக்கம் அடித்து முடிக்கிறதற்குள் அவர்கள் மூன்று பக்கம் முடித்துவிட்டு, "என்னட்டி, இன்னும் தேடித் தேடிப் பெறக்குதியா?" என்று கேட்பார்கள்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரு அண்ணாச்சி நோட்டுகளோடு வந்தார். ஊரில் ஒரு அறக்கட்டளை பெண் பிள்ளைகளுக்காக விளையாட்டு விடுதி நடத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அங்கே எழுத்தராக இருந்தவர். விடுதியில் சேர்ந்தால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி, பதினொன்றும் பன்னிரண்டும் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த வருஷம் நீளம் தாண்டுதலுக்கு ஒரே ஒரு இடம். அதற்கு இருபத்து மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐந்து சனிக்கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு மூன்று தாண்டல். மொத்தம் பதினைந்தில் எந்த மூன்று நல்ல தாண்டலோ, அந்த மூன்றையும் கூட்ட வேண்டும். கூட்டல் யாருக்கு அதிகமோ அவளுக்கு இடம்.

"ஒரு நாள் காத்துல பறந்துட்டுப் போயிரும், ஒரு நாள் காலு வழுக்கிரும். அதான் மூணு. அதிர்ஷ்டத்துக்கு எடங் குடுக்கக் கூடாதுன்னு செயலாளர் சாரு சொல்லுதாவ" என்றார் அண்ணாச்சி.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நோட்டில் எந்த வரிசையில் எழுதியிருக்கிறதோ அந்த வரிசை மாறக் கூடாது. நடுவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கமிட்டி நோட்டையும் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாம். காரணம், முந்தின வருஷம் உயரம் தாண்டுதல் கணக்கை வேறொரு இடத்தில் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர் பெரிய எண்ணெல்லாம் மேலே வரட்டும் என்று உயரம் இருந்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டார். பிள்ளைகள் சட்டையில் குத்தியிருந்த நெஞ்சு எண்ணின் பத்தி இருந்த இடத்திலேயே நின்றது, உயரம் மட்டும் இடம் மாறியது. வராத பிள்ளைக்கு முதல் இடம்.

"அதனால தாயி, மேல கீழ மாத்தாம செய்ய முடியுமா? இல்ல, கையாலயே கூட்டிக்கிடுதோம்."

"மாத்தவே வேண்டாம் அண்ணாச்சி. இருக்கது இருந்த இடத்துல இருக்கும். ஒரே ஃபார்முலா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தல்ல, அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே நான்கு நோட்டுகளை நானே அடித்தேன். ஏ பத்தியில் நெஞ்சு எண், பி பத்தியில் எத்தனையாவது சனிக்கிழமை, சி-யில் எத்தனையாவது சுற்று, டி-யில் தூரம். நெஞ்சு எண் ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை, சுற்றுக்குச் சுற்று அதே வரிசை என்பதால் அதை ஐந்து வாரத்துக்கும் இழுத்து நிரப்பிவிட்டேன். தூரம் மட்டும்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஓடி வந்து எம்புகிற பலகையைத் தாண்டிக் கால் பட்டிருந்தால் நோட்டில் எஃப் என்று போட்டிருந்தார்கள், ஃபவுல். வராத பிள்ளைக்கும் அதே எஃப்தான். அதையும் அப்படியே அடித்தேன்.

ஐந்தாவது நோட்டு இரண்டு நாள் கழித்து வந்தது. எனக்கு அப்போது வகுப்பு. "குடு இங்க" என்று அக்கா வாங்கி, நான் போர்டில் பாதி எழுதுவதற்குள் அறுபத்தொன்பது தூரத்தையும் அடித்து முடித்துவிட்டார்கள்.

பிறகு நான் உட்கார்ந்தேன். அந்த மத்தியானத்தை இப்போதும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்ல முடியும்.

முதலில் நான் போட்ட ஃபார்முலா பெருக்கல். உதாரணத்துக்கு, ஏ பத்தியில் பதினேழு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிற வரிக்கு ஒன்று, இல்லாத வரிக்குச் சைபர். அதைத் தூரத்தால் பெருக்கினால் பதினேழாம் எண்ணின் தூரங்கள் மட்டும் நிற்கும், மற்றவர்களுடையதெல்லாம் சைபராகிவிடும். அதில் முதல் மூன்று பெரிய எண்ணை எடுத்துக் கூட்டிக் கொடு என்றால் முடிந்தது. முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நேராக '#VALUE!' என்று வந்து நின்றது. எஃப் என்கிற எழுத்தை எதனாலும் பெருக்க முடியாது. முந்நூற்று நாற்பத்தைந்து வரியில் எங்கே ஒரு எஃப் இருந்தாலும் அத்தனை பேருடைய கூட்டலும் கெட்டுப்போகும்.

அக்கா எட்டிப் பார்த்தார்கள். "எஃப்புக்குப் பதிலா எல்லாத்துலயும் சைபர் போட்டுட்டாப் போச்சுல்லா? ஒரே அடியா மாத்திரலாமே."

"வேண்டாம்க்கா. நோட்டுல உள்ளபடிதான் இருக்கணும். ஃபார்முலாவே பாத்துக்கிடும்."

நான் பெருக்கலை எடுத்துவிட்டு 'இஃப்' போட்டேன். ஏ பத்தியில் பதினேழு இருந்தால் அந்த வரியின் தூரத்தை எடு, இல்லையென்றால் விட்டுவிடு. அதைச் சுற்றி 'லார்ஜ்', அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாவற்றுக்கும் வெளியே 'சம்'. முடிவில் வெறும் என்டர் தட்டக் கூடாது. கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு என்டர் தட்ட வேண்டும். தட்டினால் ஃபார்முலாவுக்கு இரண்டு பக்கமும் நெளிவு அடைப்புக்குறி தானாகவே வந்து விழும். நாமாக அடித்தால் வேலை செய்யாது. அந்த அடைப்புக்குறி விழுகிறதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

விழுந்தது. கூட்டல் வந்தது. '#VALUE!' ஒன்றுகூட இல்லை. 'லார்ஜ்' எண்ணை மட்டும்தான் பார்க்கும். எழுத்தாக இருந்தால் அது கண்ணிலேயே படாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். எஃப் எல்லாம் அப்படியே இருக்க, அதைத் தொடாமலே கணக்கு முடிந்துவிட்டது. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் '#NUM!' என்று வந்தது. பார்த்தால் அவள் முதல் வாரத்தோடு வரவில்லை, நல்ல தாண்டல் இரண்டே இரண்டு. மூன்றாவது இல்லாதபோது மூன்றாவதைக் கேட்டால் அது அப்படித்தான் சொல்லும். அதைப் பார்த்து எனக்குத் தைரியம் இன்னும் கூடியது. எங்கே குறை இருந்தாலும் இது வாய் திறந்து சொல்லிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் மூன்று நெஞ்சு எண்களை மட்டும் பேப்பரில் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. போதும் என்று விட்டேன்.

அழகாக இருக்கட்டும் என்று எழுத்தை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றி, டி பத்தியை நடுவில் நிறுத்தி, கட்டம் போட்டுப் பிரிண்ட் எடுத்தேன். அண்ணாச்சி வந்து வாங்கிக்கொண்டு போனார். "ஒரு எண்ணுகூட எடம் மாறல, கூட்டலும் வந்துட்டு. பெரிய ஆளு தாயி நீ" என்றார்.

கூட்டலில் முதலாவது நெஞ்சு எண் ஒன்பது. பதினைந்து மீட்டர் ஆறு சென்டிமீட்டர். பதினேழாம் எண்ணுக்குப் பதினான்கு எழுபத்தாறு. அன்றைக்கு அது எனக்கு ஒரு எண். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விடுதி போர்டில் முடிவு ஒட்டிப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு அப்பாவும் மகளும் சென்டர் வாசலில் வந்து நின்றார்கள். புதூர்ப் பக்கத்து ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் தோளில் துண்டு, முழங்காலுக்குக் கீழே கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆடு மேய்க்கிற வீடு, மழை பெய்தால் கொஞ்சம் கம்பும் உளுந்தும் போடுவார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்தப் பிள்ளை பத்தாவது எழுதியிருந்தாள். ஒல்லியாக, என்னைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள்.

"விடுதி ஆபீஸ்ல கேட்டோம் தாயி. அவிய, கம்ப்யூட்டர்லதான் போட்டது, அங்கன போயிக் கேளுங்கன்னுட்டாவ" என்றார் அவர். "சண்டைக்கு வரல. எடம் போனது போயிட்டு. புள்ளைக்கு ஒரே ஒரு சந்தேகம். அதத் தீத்து உட்டுட்டீங்கன்னா நாங்க பஸ்ஸுக்குப் போயிருவோம்."

"என்ன சந்தேகம்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "கேளு, சும்மா கேளு" என்றார்.

"கடைசிச் சனிக்கெழம நான் தாண்டுன மூணும் ஃபவுலுன்னு போட்டுருக்காவளாக்கா?"

நான் வேறொரு வேலையில் இருந்தேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். "ஏன் அப்படிக் கேக்குத?"

"போர்டுல கூட்டல் மட்டுந்தான ஒட்டியிருந்தாவ. எனக்குப் பதினாலு எழுவத்தாறு. அது நாலாவது வாரம் வரைக்கும் உள்ள கூட்டல். எனக்குத் தெரியும், நான் எழுதி வச்சிருக்கேன். நாலு தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்திரெண்டு, எம்பத்தாறு. அஞ்சாவது வாரம் எங்க பி.டி. டீச்சர் ஓட ஆரம்பிக்குத எடத்த ரெண்டடி பின்னால தள்ளி வச்சுக்கோன்னாங்க. அன்னைக்குத்தான் காலு பலகையில சரியா விழுந்துச்சு. மூணுமே அஞ்சுக்கு மேல. சத்தமாச் சொன்னாவ, கேட்டேன். பெறகு ஃபவுலுன்னு மாத்திட்டாவளோன்னு…" அவள் வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்தாள். "பன்னெண்டு நாளா வீட்டுப் பொறத்தால பலக மாதிரி ஒரு கோடு கிழிச்சு ஓடி ஓடிப் பாக்கேன்க்கா. காலு தாண்டவே இல்ல. அன்னைக்கு எப்படித் தாண்டுச்சுன்னு தெரியல."

நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். இதில் தப்பு வர வழியே இல்லை, இந்த ஃபார்முலா ஒவ்வொருத்தருடைய தூரத்தையும் தனியாகப் பொறுக்கி எடுத்து, பெரிய மூன்றை எடுத்துக் கூட்டும், இதோ பார் அடைப்புக்குறி என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் பயந்த மாதிரி தலையாட்டினாள். அப்பா, "படிச்ச புள்ள சொல்லுதுல்லா, சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"இரு, ஃபவுலான்னே பாத்திருவோம்" என்று ஐந்தாவது சனிக்கிழமைக்கு இறக்கினேன். இருநூற்றுத் தொண்ணூற்று நான்காவது வரி, பதினேழு, முதல் சுற்று. எஃப் இல்லை. 5.14 என்று இருந்தது.

இரண்டாவது சுற்று, 5.21. மூன்றாவது, 5.17.

"இதுதான்க்கா, இதேதான்" என்றாள். குரல் திடீரென்று உயர்ந்தது. "யப்பா, ஃபவுல் இல்ல!"

"இருக்குல்லா" என்றேன் நானும். பிறகுதான் உறைத்தது. ஐந்து மீட்டருக்கு மேலே மூன்று தாண்டல் திரையில் இருக்கிறது, கூட்டலில் இல்லை.

ஒரு காலியான கட்டத்தில் அந்த மூன்றையும் நேராகக் கூட்டிப் பார்த்தேன், வெறும் கூட்டல் குறி போட்டு. '#VALUE!' என்று வந்தது. 5.14 இருந்த கட்டத்தில் போய் நின்றேன். மேலே ஃபார்முலா பட்டியில் அதே எண் வேறு எழுத்துருவில் தெரிந்தது. கட்டத்துக்குள் டைம்ஸ் நியூ ரோமன், மேலே ஏரியல். கட்டத்துக்குள் ஒன்று மாதிரியே இருந்தது மேலே வெறும் குச்சியாக நின்றது. அது ஒன்று இல்லை. சின்ன எல்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "ஒன்னு எப்படி அடிச்சீங்க?"

ஜன்னல் பக்கம் இருந்த அக்கா திரும்பினார்கள். "எப்படின்னா? எல்லுதான். நான் படிச்ச மெஷின்ல ஒன்னு ஏது? ரெண்டுலேருந்துதான இருக்கும். ஒன்னுக்கு எல்ல அடின்னுதான் சொல்லிக் குடுத்தாவ, நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார்கள். திரையைப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். "ஏன்டி, என்ன ஆச்சு?"

அக்கா அடித்த வரிகளில் ஒன்று என்கிற இலக்கம் வருகிற தூரங்களெல்லாம் எழுத்தாகக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு கட்டம். எல்லாமே எஃப் மாதிரிதான். 'லார்ஜ்' எதையும் கேட்காமல் இருபத்திரண்டையும் தாண்டிப் போயிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டுதான், அதுவும் சின்னத் தாண்டல்கள். பதினேழுக்கு மட்டும் மூன்றிலும் அந்த இலக்கம். ஒன்பதாம் எண்ணுக்கு 5.05, 5.02, 4.99. அதில் அந்த இலக்கமே கிடையாது.

பத்தியை நடுவில் நிறுத்தாமல் விட்டிருந்தால் எண்களெல்லாம் வலப் பக்கமும் எழுத்தெல்லாம் இடப் பக்கமும் ஒதுங்கி நின்றிருக்கும், பார்த்தவுடனே தெரிந்திருக்கும். நான்தான் அழகுக்காக நிறுத்தினேன். அதைவிட, அக்கா சொன்ன மாதிரி எஃப்பை எல்லாம் சைபராக்கிப் பெருக்கலையே வைத்திருந்தால், ஒரே ஒரு எல் மிச்சம் இருந்தாலும் இருபத்து மூன்று பேருக்கும் '#VALUE!' என்று கத்தியிருக்கும். எங்கே என்று தேடியிருப்பேன். கத்துகிற ஃபார்முலா என்னிடம் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாய் பேசாத ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தது நான்.

டி பத்தியைத் தேர்ந்து எல் என்கிற எழுத்தையெல்லாம் ஒன்றாக மாற்றச் சொன்னேன். இருபத்திரண்டு மாற்றம் என்று ஒரு பெட்டி வந்தது. பதினேழுக்கு நேரே 14.76 போய் 15.52 வந்தது. ஃபார்முலாவில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"உங்க பிள்ளைதான் முதல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அப்பம் எடம் உண்டுல்லா?" என்றார்.

புதிய பிரிண்டை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் விடுதி ஆபீஸுக்கு நடந்தோம். அக்காவும் வருகிறேன் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை இருந்தது. எண்ணை எண்ணுக்கு நேரே வைத்துக் காட்டினால் யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். போகிற வழியெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே போனேன், பதினொன்றாவதில் என்ன குரூப் எடுப்பாய் என்றுகூடக் கேட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பொறுமையாகக் கேட்டார். நோட்டை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஐந்தாவது சனிக்கிழமைப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பேனாவால் அவரே கூட்டினார். ஐந்து பதினான்கு, ஐந்து இருபத்தொன்று, ஐந்து பதினேழு. பதினைந்து ஐம்பத்திரண்டு. இரண்டாவது தடவையும் கூட்டினார்.

"சரிதான்" என்றார். எழுத்தர் அண்ணாச்சியைப் பார்த்தார். "நீரு பாக்கலியா?"

"வரிசை மாறியிருக்கான்னு பாத்தோம் சார். மாறல. கம்ப்யூட்டர் கூட்டுனதுன்னு கூட்டிப் பாக்கல."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இங்க பாரும்மா" என்றார், என்னிடம்தான். "ஒன்பதாம் நம்பர்ப் பிள்ளை கயத்தாறு பக்கம். அப்பா இல்லாத பிள்ளை. போன வாரம் படிச்ச ஸ்கூல்ல டி.சி. வாங்கி, இங்க ஸ்கூல்ல சேத்தாச்சு. பெட்டியோட உள்ளதான் இருக்கு. இப்ப நான் போயி, ஒரு எழுத்து மாறிப்போச்சு, நீ வீட்டுக்குப் போன்னு சொல்லவா? நீ வந்து சொல்லுவியா?"

"ரெண்டு பேரையும் சேக்க முடியாதா சார்?"

"நீளம் தாண்டுதலுக்கு ஒரு கட்டில், ஒரு சாப்பாடு. கமிட்டி கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. அடுத்த கூட்டம் தை மாசம்."

"அடுத்த வருஷம்?"

அவர் விண்ணப்பத்தை எடுத்து அவள் பிறந்த தேதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கமாக நகர்த்தினார். வயது வரம்பு எனக்குத் தெரியும், நோட்டின் அட்டையிலேயே ஒட்டியிருந்தது. மூன்று மாதத்தில் அவளுக்கு அது கடந்துவிடும்.

நான் கத்தினேன். மேஜை மேல் அந்தப் பிரிண்டைத் தட்டித் தட்டிக் கத்தினேன். பாதியில் அந்த அப்பாதான் என் கையைப் பிடித்தார். "உடுங்க தாயி. அந்தப் புள்ளையும் புள்ளதான" என்றார். பிறகு செயலாளரிடம், "நாங்க வாரோம் சார்" என்றார். அண்ணாச்சி புதிய பிரிண்டைப் பழைய பிரிண்டுக்குப் பின்னால் வைத்து ஸ்டேப்ளர் அடித்து ஃபைலில் போட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

சென்டருக்குத் திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தவுடன் உள்ளே போய்விட்டார்கள். பிறகு பல வாரம் அக்கா கீபோர்டைப் பார்த்தே அடித்தார்கள், ஒவ்வொரு ஒன்றுக்கும் குனிந்து. "என்னாலதான்" என்று ஒரு தடவை சொன்னார்கள். இல்லை என்று நான் சொன்னது அவர்களுக்குச் சமாதானத்துக்குச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். எனக்கு அது சமாதானமே இல்லை.

அன்றைக்குப் புதூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை அவர்களோடு போனேன். அப்பா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். சிமெண்ட் பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம்.

"இனி என்ன செய்வ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊர்லேருந்து நாலு பேரு கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போறாவ. மூணு வருஷம் அங்கனயே தங்கி வேல. ஆனி பொறந்ததும் வேன் வருது. விடுதி கெடச்சா இங்க, இல்லன்னா அங்கன்னு அப்பா முன்னாலயே சொல்லிட்டாவ." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உங்க பி.டி. டீச்சர்கிட்ட நான் வந்து பேசட்டுமா? வேற விடுதி, மதுரையில, திருநெல்வேலியில எங்கயாவது..."

"டீச்சர் கேட்டுப் பாத்துட்டாங்கக்கா. எல்லா எடத்துலயும் முடிஞ்சிட்டு."

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. அவள் எதிரே ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில்,

"ஒன்னு சொல்லவாக்கா?" என்றாள். "ஃபவுலுன்னே இருந்திருக்கலாம்."

"ஏம்மா?"

"பன்னெண்டு நாளா என் காலு மேலதான் கோவமா இருந்தேன். ஓடிப் பாத்து, ஓடிப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா அது கொறஞ்சிட்டு வந்துச்சு. தப்பு என்னுதுன்னா இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி நின்னு ஓடலாம்லா. இப்பம் நான் எங்கன தள்ளி நிக்கது?"

அப்பா வந்தார். பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். நானும் தூக்கினேன். பஸ் போன பிறகும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சென்டரில் மத்தியான வேலைகளோடு ஆட்கள் வந்து காத்திருப்பார்கள் என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.